ரிடையர்மென்ட் கிட்ட வரும்போது ஷேர்லருந்து பாண்டுக்கு எப்படி மாறுறது: கிளைடு பாத் போடும் முறை

ரிடையர் ஆகப்போற நேரத்துல ஷேர் மார்க்கெட் 30% விழுந்தா, மொத்த பணத்துல 70% ஷேர்ல வச்சிருக்கவருக்கு 21% காலி, 40% வச்சிருக்கவருக்கு 12% தான். அப்புறம் சம்பளமும் இல்ல, விழுந்த ஷேரையே வித்து சாப்பிடணும், அதான் பயம். அதுக்காகத்தான் கொஞ்சம் கொஞ்சமா பாண்டுக்கு மாறுறோம், எந்த வயசுல ஷேர் எத்தனை பர்சன்ட்னு முன்கூட்டியே போட்டு வைக்கிற இந்த பாதைதான் கிளைடு பாத்.

முதல்ல ஒரு பேப்பர்ல டேபிள் போடுங்க. இப்ப வயசு 50, ஷேர் 70%, 60 வயசுல 40% போதும்னா, 10 வருஷத்துல 30% குறையணும், வருஷத்துக்கு 3%. 51ல 67, 52ல 64, அப்படியே எழுதிட்டே போங்க. 40ஐ ஜீரோ ஆக்கிடாதீங்க, ரிடையர் ஆனப்புறம் 25, 30 வருஷம் ஓட்டணும், விலைவாசி ஏறிக்கிட்டே இருக்கும்ல.

அடுத்து, வருஷத்துக்கு ஒரு நாள் ஃபிக்ஸ் பண்ணி அன்னைக்கு மட்டும் கணக்கு பாருங்க. 35 லட்சம் ஷேர், 15 லட்சம் பாண்டுன்னு ஆரம்பிக்கிறீங்க, ஒரு வருஷத்துல ஷேர் 10% ஏறி 38.5 ஆச்சு, பாண்டு 6% ஏறி 15.9, புதுசா சேர்த்த 3 லட்சம் கையில இருக்கு, மொத்தம் 57.4. இதுல 67% எவ்வளவு? கிட்டத்தட்ட 38.5 தான்! அப்போ அந்த 3 லட்சத்த அப்படியே பாண்டுல போட்டா முடிஞ்சது, ஒரு ஷேர் கூட விக்க வேணாம், வித்தா வர்ற வரியும் மிச்சம். அதனால எப்பவும் புதுப்பணத்த வச்சு சரி பண்ண பாருங்க, பத்தலைன்னா மட்டும் ஷேர வித்துக்கோங்க.

நிறைய பேர் கோட்டை விடுறது மார்க்கெட் விழுற வருஷத்துல. அதே 35 லட்சம் 30% விழுந்து 24.5 ஆயிடுச்சுன்னு வைங்க. பாண்டு 15.9, புதுப்பணம் 3, மொத்தம் 43.4, அதுல 67% கிட்டத்தட்ட 29.1. ஆனா உங்ககிட்ட இருக்கறது 24.5 தானே, அப்போ புது 3 லட்சமும் ஷேருக்கு, பாண்டுலருந்து இன்னொரு 1.6 லட்சமும் ஷேருக்கு! ஆமாங்க, ஷேர குறைக்கிற பிளான்லயே சில வருஷம் ஷேர் வாங்க வேண்டி வரும், டேபிள் சொல்றது பர்சன்டேஜ மட்டும்தான். இங்க பயந்துபோய் எல்லாத்தையும் பாண்டுக்கு மாத்தினா நஷ்டம் நிரந்தரமாயிடும், மார்க்கெட் திரும்ப ஏறும்போது நீங்க உள்ள இருக்க மாட்டீங்க.

பாண்டுன்னாலே சேஃப்னும் நினைக்காதீங்க. வட்டி ஏறினா பழைய பாண்டு விலை இறங்கும், 2022ல உலகத்துல நிறைய நாடுகள்ல ஷேரும் பாண்டும் சேர்ந்தே விழுந்துச்சு. வாங்கற ஃபண்டோட டியூரேஷன் எவ்வளவுன்னு பாருங்க, அது 10 வருஷம்னா வட்டி 1% ஏறும்போது விலை ஏறக்குறைய 10% போகும், 3 வருஷம்னா 3% தான். முதல் சில வருஷ செலவுக்கான பணத்த டியூரேஷன் கம்மியா இருக்கறதுல வைங்க.