ஆசைப்பட்ட பெயரை யாரோ எடுத்துவிட்டார்களா? தொழிலுக்குப் பெயர் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் சின்னதாகத் தொழில் தொடங்கும் நம் ஆட்களுக்குப் பெயரும் லோகோவும் அமைத்துக் கொடுப்பது என் வேலை. அல்சூரிலிருந்தும் விவேக் நகரிலிருந்தும் வருகிறவர்களில் பலர் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். பெயர் முடிவாகி, சாமியிடம் பூ கேட்டு, டப்பாவை அச்சுக்கும் கொடுத்தாயிற்று. அந்தப் பெயரில் இணையதள முகவரி, அதாவது டொமைன், கிடைக்குமா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. நீளமான பெயர் வேண்டாம், எண்ணைச் சேர்க்க வேண்டாம் என்பதெல்லாம் இன்று எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## கடைசியில் தேடுவது

பட்டியலில் ஏழெட்டுப் பெயர்கள் இருக்கும்போதே தேடுங்கள். ஒரே பெயர் மனதில் ஒட்டிக்கொண்ட பிறகு தேடினால், 'கிடைக்காது' என்ற பதிலை யாரும் ஏற்பதில்லை. அடுத்து வரும் தவறு அங்கேதான் பிறக்கிறது.

## ஒரு எழுத்தைத் திருகி அதே பெயரைப் பிடித்துக்கொள்வது

இன்றும் எனக்குக் கோபம் வரவைப்பது இதுதான். ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் ஒரு தம்பதி இருந்தார்கள். உண்மைப் பெயர் வேண்டாம், 'விழுது' என்று வைத்துக்கொள்வோம். vizhudhu.com வேறொருவரிடம் இருந்தது. இணையதளம் செய்து கொடுத்தவர் கடைசியில் ஒரு u சேர்த்து vizhudhuu.com வாங்கிக் கொடுத்துவிட்டார். பலகையில் ஒற்றை u, டொமைனில் இரட்டை u, இன்ஸ்டாகிராமில் vizhudhu_official. நான் சொன்னபோது அந்த அண்ணன், "ஒரு எழுத்துதானே சார், பாத்துப்பாங்க" என்றார்.

யாரும் பார்க்கவில்லை. ஒயிட்ஃபீல்டில் ஒரு ஆபீஸின் அட்மின் கன்னடக்காரர். போனில் கேட்ட பெயரை, விசிட்டிங் கார்டில் பெரிய எழுத்தில் இருந்தபடியே தட்டி, ரேட் கேட்டு vizhudhu.com முகவரிக்கு மெயில் அனுப்பினார். இல்லாத முகவரி என்றால் மெயில் திரும்பி வந்திருக்கும். ஆனால் டொமைன் வைத்திருப்பவர், '@'-க்கு முன்னால் எந்தப் பெயர் வந்தாலும் தன் பெட்டிக்கே சேரும்படி அமைத்துக்கொள்ள முடியும். இங்கே அப்படித்தான் இருந்தது. மெயில் சத்தமில்லாமல் அங்கே போய் விழுந்தது. "ஏன் பதிலே இல்லை?" என்று அந்த ஆபீஸிலிருந்து போன் வந்த பிறகுதான் இவர்களுக்கு விஷயமே தெரிந்தது. அதற்கு முன் எத்தனை மெயில் அப்படிப் போயிற்றோ, கண்டுபிடிக்க வழியே இல்லை.

பெரிய அடி அதற்குப் பிறகு வந்தது. .com வைத்திருந்தவரும் வேறு ஊரில் சாப்பாட்டுத் தொழில்தான் செய்தார். அதே பெயருக்கு டிரேட்மார்க்கும் அவரிடம் இருந்தது. வக்கீல் நோட்டீஸ் வந்தது. டிரேட்மார்க்கில் கண்ணுக்கும் காதுக்கும் ஒத்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். கூடுதலாக ஒரு u இருப்பது எந்தப் பாதுகாப்பும் தராது. பலகை, வேனில் ஒட்டிய ஸ்டிக்கர், டப்பா, பில் புத்தகம் எல்லாவற்றையும் மாற்றி, பட்டியலில் இரண்டாவதாக இருந்த பெயருக்குப் போனார்கள். முதல் வாரமே போயிருந்தால் இதில் ஒரு ரூபாய் கூடச் செலவாகியிருக்காது.

தமிழ்ப் பெயருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். விழுது என்பதையே vizhudhu, vizhuthu, vizhudu, viludhu, viluthu என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். அதனால் பெயரை முடிவு செய்யும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். தமிழ் தெரியாத ஐந்து பேருக்குப் போன் போட்டுப் பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். எப்படித் தட்டுவார்களோ அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஐந்தும் ஐந்து விதமாக வந்தால் அந்தப் பெயர் பெங்களூருக்கு ஆகாது. இரண்டு விதம்தான் வருகிறது என்றால் இரண்டு டொமைனையும் வாங்கி, ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடலாம்.

## 'போய்விட்டது' என்றதும் அங்கேயே நின்றுவிடுவது

யாரிடம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. .com என்றால் lookup.icann.org, .in என்றால் registry.in. அங்கே டொமைன் பதிவான தேதியும் காலாவதித் தேதியும் தெரியும். உரியவரின் பெயர் பெரும்பாலும் மறைந்திருக்கும். பிறகு அந்தத் தளத்தையே திறந்து பாருங்கள். கூடவே ipindia.gov.in-இல் டிரேட்மார்க் தேடலும் செய்யுங்கள். கேட்டரிங், ஓட்டல் என்றால் வகுப்பு 43. பொடி, முறுக்கு போன்றவை என்றால் வகுப்பு 30-ஐயும் பார்க்க வேண்டும். உச்சரிப்பை வைத்துத் தேடும் வசதியும் அங்கே உண்டு. தமிழ்ப் பெயருக்கு அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

உங்கள் தொழிலையே செய்கிற ஒருவர் அந்தப் பெயரில் நடத்திக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். பின்னால் எந்தச் சொல்லைச் சேர்த்தாலும் மேலே சொன்ன கதைதான்.

சம்பந்தமே இல்லாத தொழில் என்றால், தொழிலைச் சொல்லும் ஒரு சொல்லைச் சேர்க்கலாம். எக்ஸ் தளத்தில் ஹேண்டிலுக்கு, அதாவது கணக்கின் பெயருக்கு, 15 எழுத்துதான் எல்லை, இன்ஸ்டாகிராமில் 30. vizhudhukitchen சரியாக 15 எழுத்து. vizhudhucatering 16, ஒரே எழுத்தில் தவறிவிடும். அதனால் எக்ஸில் நிற்கிற வடிவத்தையே எல்லா இடத்துக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, பலகையிலும் 'விழுது கிச்சன்' என்றே எழுதுங்கள். போனில் சொல்லும் பெயரும் தட்டும் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் சேர்த்த சொல்லுக்குப் பலன். டிராப்பாக்ஸ் நிறுவனமே ஆரம்பத்தில் getdropbox.com என்ற முகவரியில்தான் இருந்தது. டெஸ்லா tesla.com-ஐ வாங்கியது 2016-இல், அதுவரை teslamotors.com.

விற்பனைக்கு என்று பலகை மாட்டிய வெற்றுத் தளமாக இருந்தால் விலை கேட்கலாம். கம்பெனி மெயிலிலிருந்து லோகோவோடு எழுதாதீர்கள். உங்களுக்கு அது எவ்வளவு அவசியம் என்பதை விற்பவருக்கு நீங்களே சொல்லிக்கொடுத்தது போலாகும். உச்ச விலையை முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டொமைன் உங்கள் கணக்குக்கு வந்த பிறகே பணம் விற்பவருக்குப் போகும் எஸ்க்ரோ வழியில் மட்டும் வாங்குங்கள்.

காலாவதித் தேதி நெருங்குகிறது என்று காத்திருப்பது பெரும்பாலும் வீண். .com காலாவதியானாலும் பழைய உரிமையாளர் புதுப்பிக்க 45 நாள் வரை அவகாசம் இருக்கலாம். அதன்பின் மீட்டெடுக்க 30 நாள், நீக்கத்துக்கு 5 நாள். அதற்குள்ளேயே ஏலத்தில் போய்விடுவதும் உண்டு. திறப்பு விழா தேதியை அதை நம்பி வைக்காதீர்கள்.

## இன்ஸ்டாகிராமில் 'பக்கம் இல்லை' என்று வந்தால் காலி என்று நம்புவது

முடக்கப்பட்ட கணக்காகவும் இருக்கலாம். பெயர் மாற்றும் கட்டத்தில் தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

## பார்த்துவிட்டு நாளைக்கு வாங்கலாம் என்பது

அன்றே வாங்குங்கள். டொமைனும் ஹேண்டிலும் ஒரே உட்காரலில்.

## முதல் வருட விலையை மட்டும் பார்ப்பது

புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். .com, .in போலப் புள்ளிக்குப் பின் வரும் சில புது நீட்டிப்புகளில் இரண்டாம் வருடம் பல மடங்கு ஏறும்.

## டொமைனைத் தளம் செய்பவரின் கணக்கில் வாங்க விடுவது

உங்கள் மெயில், உங்கள் போன் எண், உங்கள் பெயர். அவருக்கு வேலை செய்யும் அனுமதியை மட்டும் கொடுங்கள்.