பில்லுக்குக் கெடு முடியவில்லை, டெபாசிட்டும் இருக்கிறது. பிறகு ஏன் அழைப்பு போகவில்லை?

தாயகத்தில் நம் பெயரில் ஒரு போஸ்ட்பெய்ட் இணைப்பு வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். வீட்டில் அம்மாவோ அப்பாவோ அதைப் பயன்படுத்துவார்கள். ஊருக்குப் போனால் அது நம் கைக்கு வந்துவிடும். சிக்கல் பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் தொடங்கும்.

சென்ற முறை எனக்கு நேர்ந்ததும் அதுதான். பதினாறாம் தேதி காலை வெளிநாட்டில் இருக்கும் மகளை அழைத்தேன். மணி ஒலிக்கவில்லை, பதிவு செய்த குரல் ஒன்று ஏதோ சொல்லிவிட்டு நின்றுவிட்டது. பக்கத்துத் தெருவில் இருக்கும் அண்ணனை அழைத்தேன், அதே குரல். ஆனால் அண்ணன் என்னை அழைத்தபோது போன் நன்றாக ஒலித்தது. பில்லைக் கட்ட வேண்டிய கடைசித் தேதிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. நிறுவனத்திடம் என் டெபாசிட்டும் இருந்தது. அந்தத் துணிச்சலோடுதான் சேவை மையத்துக்குப் போனேன்.

கவுன்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, “ஐயா, பில் பிரச்சினை இல்லை. உங்கள் லிமிட் முடிந்துவிட்டது” என்றார்.

“அதற்குத்தானே டெபாசிட் வாங்கி வைத்திருக்கிறீர்கள்?”

“டெபாசிட்டை நாங்கள் தொட மாட்டோம், ஐயா. இணைப்பை ஒப்படைக்கும்போதுதான் அதைப் பார்ப்போம்.”

அந்தப் பதிலில் எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. போஸ்ட்பெய்ட் என்பது நிறுவனம் நமக்குத் தரும் கடன். நாம் முதலில் பேசுகிறோம், மாத முடிவில் பணம் தருகிறோம். அந்தக் கடன் எதுவரை போகலாம் என்று அவர்கள் போடும் கோடுதான் கடன் வரம்பு. டெபாசிட் என்பது நாம் பணம் தராமல் போய்விட்டால் எடுத்துக்கொள்ள அவர்கள் வைத்திருக்கும் பிணை. வீட்டு வாடகைக்குக் கொடுக்கும் முன்பணத்தைப் போன்றது. அது மாத வாடகையில் கழியாது. வரம்பை முடிவு செய்யும்போது பல நிறுவனங்கள் டெபாசிட்டின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அந்த அளவோடு இரண்டுக்கும் உள்ள உறவு முடிந்தது.

வரம்போடு ஒப்பிடப்படும் தொகை எது என்பதில்தான் நாம் தவறுகிறோம். கையில் இருக்கும் பில்லை மட்டும் பார்க்கிறோம். நிறுவனத்தின் கணினியோ இரண்டைக் கூட்டுகிறது: கட்டாத பழைய பில்லும், இந்த மாதம் இதுவரை பயன்படுத்தி இன்னும் பில்லாக வராத தொகையும். பழைய பில்லுக்குக் கெடு முடியவில்லை என்பது அதற்குப் பொருட்டே இல்லை, கட்டாதது கட்டாததுதான்.

என் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எளிமைக்காக எண்களை உருட்டி, வரியை விட்டுவிடுகிறேன். வரம்பு 4,000 ரூபாய். கட்டாத பழைய பில் 1,150. இணைப்பின் மாத வாடகை 900. அது முதல் தேதியிலேயே கணக்கில் ஏறிவிட்டது. வெளிநாட்டு அழைப்புகளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 130 வீதம் பதினைந்து நாளில் 1,950. மூன்றையும் கூட்டினால் சரியாக 4,000. அந்த நொடியில் போகும் அழைப்புகளுக்குக் கதவு மூடிக்கொண்டது.

வரும் அழைப்புகள் மட்டும் ஏன் தப்பின? நாம் அழைத்தால் மறுமுனை நிறுவனத்துக்கு நம் நிறுவனம் பணம் தர வேண்டியிருக்கும். வெளிநாட்டு அழைப்பில் அது கணிசமான தொகை. நமக்கு வரும் அழைப்பால் நம் கடன் கூடுவதில்லை. அதனால் ஒருபக்கத்தை மட்டும் பூட்டுகிறார்கள். அவசர உதவி எண்ணும் வாடிக்கையாளர் சேவை எண்ணும் பொதுவாகத் திறந்தே இருக்கும். இரண்டு பக்கமும் அடைபட்டால் அது வேறு நோய்: கெடு தாண்டிய பில்லாகவோ, சிம், சிக்னல் கோளாறாகவோ இருக்கலாம். வேறொரு போனிலிருந்து உங்கள் எண்ணை அழைத்துப் பாருங்கள். அது ஒலித்து, நீங்கள் அழைக்கும்போது மட்டும் பதிவுக் குரல் வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வரம்பைத்தான்.

வரம்பில் 80 விழுக்காட்டைத் தொட்டதும் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி அனுப்புவது பல இடங்களில் வழக்கம். எனக்கும் வந்திருந்தது. விளம்பரக் குவியலுக்குள் கிடந்த அதை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

இனி எவ்வளவு கட்டுவது? நான் அன்று பழைய பில் 1,150-ஐக் கட்டியிருந்தால் இணைப்பு திறந்திருக்கும், ஆனால் மீண்டும் பேச எனக்குக் கிடைக்கும் இடமும் அதே 1,150-தான். நாளுக்கு 130 என்றால் ஒன்பது நாள்கூடத் தாங்காது. ஆகவே 3,000 கட்டினேன். பில்லுக்கு மேற்பட்ட 1,850 முன்பணமாக ஏறியது. கடன் 1,000-க்கு இறங்கியது. மாதம் நிம்மதியாக ஓடியது, கடன் 2,950 ஆனது. அடுத்த மாதம் முதல் தேதி புது வாடகை 900 ஏறியது: 3,850. மிச்சம் 150. இரண்டாம் தேதி மறுபடியும் அதே குரல்!

ஆகவே, ஊரில் இருக்கும் நாட்களில் அதிகம் பேசப்போகிறவர் பில் வரும் தேதியை ஒட்டி முன்கூட்டியே ஒரு தொகையைக் கட்டிவிடுவது நல்லது. செயலியில் “பில் தொகை” என்று தெரிவதை மட்டும் கட்டாமல், “பில்லாகாத பயன்பாடு” என்ற வரியையும் சேர்த்துப் பாருங்கள். நிறுவனத்தின் சொந்தச் செயலியிலோ கவுன்டரிலோ கட்டினால் பொதுவாகச் சீக்கிரம் திறக்கும். காசோலையாகவோ இடைத்தரகர் வழியாகவோ கட்டினால் தாமதம் ஆகலாம். பணம் ஏறியும் அழைப்பு போகவில்லை என்றால் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

மற்றொரு வழி, வரம்பை உயர்த்தக் கேட்பது. ஒழுங்காகப் பணம் கட்டிய வரலாறு இருந்தால் சில நேரம் அப்படியே உயர்த்துவார்கள். இல்லையென்றால் கூடுதல் டெபாசிட் கேட்பார்கள். வெளிநாட்டு அழைப்பையும் ரோமிங்கையும் திறந்துவிடக் கேட்டாலும் டெபாசிட் பேச்சு வரலாம், ஏனென்றால் ஒரே நாளில் பெரிய கடன் ஏறக்கூடிய இடங்கள் அவை. ரோமிங்கில் இன்னொரு தொல்லையும் உண்டு: அங்குள்ள நிறுவனத்திடமிருந்து கணக்கு தாமதமாக வந்தால், இணைப்பு பூட்டப்படுவதற்குள் கடன் வரம்பைத் தாண்டிப் போயிருக்கும்.

குடும்பத்தில் நாலு இணைப்புகள் ஒரே கணக்கில் இருந்தால், வரம்பு மொத்தத்துக்கும் ஒன்றா, ஒவ்வொன்றுக்கும் தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று என்றால், நீங்கள் மகளோடு பேசியதற்கு அப்பாவின் போனும் சேர்ந்து ஊமையாகும்.

ஆறு வாரத்துக்கு மட்டும் வருகிறவர் புதிதாகப் போஸ்ட்பெய்ட் எடுப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். அவருக்கு ப்ரீபெய்ட் போதும். டெபாசிட் கொடுப்பது எளிது, திரும்ப வாங்குவதுதான் பாடு. சிம்மை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு விமானம் ஏறினால் இணைப்பு மூடப்படாது. வாடகை மாதாமாதம் ஏறும், கடைசியில் டெபாசிட்டை அதுவே தின்றுவிடும். மூடச் சொல்லி எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கான எண்ணை வாங்க வேண்டும். இறுதி பில் போக மீதி எப்போது, எந்த வழியில் வரும் என்றும் அப்போதே கேளுங்கள். உள்ளூர் வங்கிக் கணக்கு இருந்தால்தான் தருவோம் என்றால், அந்தக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டுமா, அண்ணன் பெயரில் இருந்தால் போதுமா என்பது புறப்படும் நாளுக்கு முன்பே தெரிய வேண்டிய செய்தி. டெபாசிட் கட்டிய ரசீதைக் கடவுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள்.