அம்மாவின் போனில் பஞ்சபுராணம்: நெட் இல்லாமலும் பாட வைப்பது எப்படி

அம்மா திருகோணமலையில், உப்புவெளி வீட்டில் இருக்கிறார். வயது 74. நான் வேலைக்காகக் கொழும்பில் இருக்கிறேன். காலை ஐந்து மணிக்கு விளக்கேற்றிவிட்டுத் தேவாரம் கேட்பது அவருடைய நெடுநாள் வழக்கம். அப்பாவின் கேசட் ரெக்கோடர் பழுதான பிறகு போனில் யூடியூப் போட்டுக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போனால் போன் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. ஏன் அம்மா என்று கேட்டேன். "திருவாசகத்துக்கு நடுவிலை சவர்க்கார விளம்பரம் வருது பிள்ளை. மழை பெய்தால் அதுவும் இல்லை, வட்டம்தான் சுத்துது" என்றார்.

அதன் பிறகு பல ஆப்களைப் போட்டுப் பார்த்து, கடைசியில் ஒரு முறைக்கு வந்தோம். இன்றைக்கும் அது குழப்பமில்லாமல் ஓடுகிறது. அதை இங்கே எழுதுகிறேன். ஆண்ட்ராய்ட் போன் இருந்தால் போதும்.

முதலில்: கேட்பதையும் படிப்பதையும் பிரியுங்கள்

பாட்டு, பாடல் வரி, நாட்காட்டி, கோயில் நேரலை எல்லாம் ஒன்றாக இருக்கும் ஆப்பைத்தான் நாம் முதலில் தேடுவோம். வயதானவருக்கு அதுதான் பெரிய சிரமம். திரையில் பத்துப் பொத்தான் இருந்தால் விரல் தவறி ஒன்பதாவதில் படும். அம்மாவுக்குக் காலையில் வேண்டியது காதுக்கு. கண்ணாடிகூடப் போட மாட்டார். மாலையில் ஆறுதலாக இருந்து படிக்கும்போதுதான் எழுத்து வேண்டும். இரண்டுக்கும் வேறு வேறு ஆப் வைத்த அன்றே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எந்த ஆப் உண்மையில் நெட் இல்லாமல் ஓடும்?

ப்ளே ஸ்டோரில் "ஆஃப்லைன்" என்று பெயரிலேயே போட்டிருப்பார்கள். பல ஆப்களில் அது எழுத்துக்கு மட்டும்தான். ஒலி ஒவ்வொரு முறையும் நெட்டிலிருந்து வரும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு.

ஒன்று, அளவு. சாதாரணத் தரத்தில், அதாவது 128 kbps-இல் உள்ள MP3 ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 MB பிடிக்கும். ஆப்பின் பக்கத்தில் "About this app" என்பதைத் திறந்தால் கீழே "Download size" இருக்கும். நூறு பாட்டு உண்டு என்று சொல்லும் ஆப் 12 MB-தான் என்றால் பாட்டுகள் அதற்குள் இல்லை. முதல் முறை திறந்த பிறகு இறக்கிக்கொள்ளும் ஆப்களும் உண்டு. அதனால் இரண்டாவது சோதனையையும் செய்யுங்கள்.

போனில் "Flight mode" போடுங்கள். வைஃபையும் நின்றிருக்கிறதா என்று பாருங்கள். போனை ஒருமுறை அணைத்து எழுப்புங்கள். இப்போது ஆப்பைத் திறந்து, இதுவரை ஒருமுறைகூடக் கேட்காத ஒரு பாட்டைத் தட்டுங்கள். இதுதான் முக்கியம். சற்று முன் கேட்ட பாட்டு போனின் தற்காலிக நினைவில் ஒட்டியிருக்கும். அது பாடுவதைப் பார்த்து நான் ஒரு ஆப்பை நம்பி, அம்மாவிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். அடுத்த வாரம் கார்த்திகை மழையில் சிக்னல் போனதும் அது வாயே திறக்கவில்லை.

இந்தச் சோதனையை வைத்து நான் பார்த்தவை இவை. யூடியூப்பில் பாட்டுகளுக்குக் குறைவில்லை. ஆனால் பணம் கட்டாமல் வைத்திருந்தால் திரை அணைந்ததும் பாட்டு நின்றுவிடும், விளம்பரமும் வரும். ஸ்பொட்டிஃபையில் பாட்டை இறக்கி வைக்கப் பணம் கட்ட வேண்டும். கட்டினாலும் 30 நாளுக்கு ஒருமுறையாவது நெட்டோடு இணைக்காவிட்டால் இறக்கியவை ஓடாது. கூட யாராவது இருந்து பார்க்கும் வீட்டுக்கு அது சரி, அம்மாவுக்குச் சரிவராது. ஷைவம் தளத்தில் (shaivam.org) திருமுறைப் பாடலும் ஒலியும் இலவசமாக உண்டு, அதற்கு ஆப்பும் இருக்கிறது. தேடிப் படிக்க எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஆனால் அவ்வளவு பெரிய களஞ்சியத்துக்குள் அம்மா வழி தவறிவிடுகிறார்.

கேட்பதற்கு நான் தேர்ந்தது பக்தி ஆப்பே அல்ல. VLC என்ற சாதாரண இலவச ஆப். விளம்பரம் இல்லை, கணக்குத் திறக்கத் தேவையில்லை, போனில் உள்ள கோப்பை எடுத்துப் பாடும். திரை அணைந்தாலும் பாடும்.

பாட்டுகளைப் போனுக்குள் வைப்பது

எங்கள் வீட்டில் கோயில் திருவிழாக்களில் வாங்கிய சீடிகள் இருந்தன. தம்பி அவற்றை மடிக்கணினியில் MP3 ஆக்கினான். மொத்தம் 46 பாட்டு, 340 நிமிடம். 330 MB-க்குள் அடங்கிவிட்டது. பழைய போனிலும் இதற்கு இடம் இருக்கும். உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாட்டு இருந்தால் அதை வாட்ஸ்அப்புக்குள் விட்டுவைக்காதீர்கள். யாராவது இடம் காலியாக்கும்போது சேர்ந்து அழிந்துவிடும். "Files" ஆப்பில் அதைக் கண்டுபிடித்து "Music" போல்டருக்கு நகல் எடுங்கள்.

அந்த "Music" போல்டருக்குள் இரண்டே இரண்டு போல்டர்: காலை, மாலை. அம்மா எட்டுக் கேட்டார், நான் இரண்டில் நின்றுவிட்டேன்.

இப்போது பெயர். எங்கள் பக்கத்துக் கோயில்களில் பஞ்சபுராணம் ஓதும் வரிசை தெரியும்தானே: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம். அந்த வரிசை குலைந்தால் அம்மாவுக்குப் பூசையே குலைந்த மாதிரி. ஆகவே கோப்பின் பெயரை எண்ணோடு தொடங்குங்கள், அதுவும் இரண்டு இலக்கத்தில்:

```
01 பிள்ளையார்.mp3
02 தேவாரம் கோணமலை.mp3
03 திருவாசகம்.mp3
04 திருவிசைப்பா.mp3
05 திருப்பல்லாண்டு.mp3
06 பெரியபுராணம்.mp3
```

1, 2 என்று ஒற்றை எண் போட்டால் பத்தைத் தாண்டும்போது சில ஆப்கள் 1, 10, 2 என்று அடுக்கும்.

VLC-ஐ அமைப்பது

ஆப்பை முதலில் திறக்கும்போது கோப்புகளைப் பார்க்க அனுமதி கேட்கும். கொடுங்கள். "பாட்டு எதையும் காட்டவில்லை" என்று நண்பர்கள் என்னைக் கூப்பிடும்போது காரணம் பெரும்பாலும் இந்த அனுமதிதான்.

கீழே "Browse" என்பதைத் தட்டி "Music" போல்டருக்குள் போங்கள். "காலை" போல்டரின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி "Add to playlist" கொடுத்து, "காலை" என்றே ஒரு பட்டியல் தொடங்குங்கள். மாலைக்கும் அப்படியே. பிறகு "Playlists" பகுதியில் இரண்டும் தெரியும். ஒருமுறை ஓட விட்டு வரிசையைச் சரிபாருங்கள். ஓடும் திரையில் ஒன்றோடொன்று குறுக்கே போகும் இரண்டு அம்புக்குறி ஒளிர்ந்தால் கலைத்துப் பாடுகிறது என்று அர்த்தம், அதை அணையுங்கள். திருப்பல்லாண்டு முதலில் வந்தால் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

அடுத்தது பேட்டரி. சில போன்கள் சக்தியை மிச்சம் பிடிக்கப் பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும். திரை அணைந்து சில நிமிடத்தில் பாட்டு பாதியில் நின்றால் அதுதான் காரணமாக இருக்கும். Settings, Apps, VLC, Battery என்று போய் "Unrestricted" கொடுங்கள். போனுக்குப் போன் இந்தப் பெயர் கொஞ்சம் மாறும்.

கடைசியாக, முகப்புத் திரையின் வெற்றிடத்தை அழுத்திப் பிடித்து "Widgets" தட்டுங்கள். VLC-யின் விட்ஜெட்டை எடுத்து நடுவில் வையுங்கள். அந்தத் திரையில் வேறு ஆப் எதுவும் வேண்டாம். அம்மாவுக்கு இப்போது தெரிவது அந்த முக்கோணப் பொத்தான் மட்டும்தான்.

இரவில் கேட்டபடி தூங்கிவிடுபவர் என்றால், பாட்டு ஓடும் திரையின் மூன்று புள்ளிக்குள் "Sleep timer" இருக்கிறது. நாங்கள் 30 நிமிடம் வைக்கிறோம்.

படிக்கும் ஆப்பைத் தேர்வது

ப்ளே ஸ்டோரில் "பன்னிரு திருமுறை" என்று தேடினால் பல வரும். அதே "Flight mode" சோதனையைச் செய்யுங்கள். எழுத்து ஆப்கள் பெரும்பாலும் தேறிவிடும். அப்புறம் உங்கள் ஊர்ப் பதிகத்தைத் தேடுங்கள். எங்களுக்கு அது சம்பந்தர் பாடிய திருக்கோணமலைப் பதிகம், மூன்றாம் திருமுறையில் 123-ஆவது. ஊர்ப் பெயரால் தேடி இரண்டு தட்டில் அங்கே போக முடியாத ஆப் அம்மாவுக்குப் பயன்படாது. எண்ணை யார் நினைவில் வைத்திருப்பார்?

வரியை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். ஒரு ஆப்பில் "நிரைகழ லரவஞ் சிலம்பொலி யலம்பும்" என்று சீர்படி இருக்கும். இன்னொன்றில் "நிரை கழல் அரவம் சிலம்பு ஒலி அலம்பும்" என்று பதம் பிரித்திருக்கும். எனக்கு இரண்டாவதுதான் புரிகிறது. அம்மாவோ அதைப் பார்த்துத் தடுமாறினார். சின்ன வயதில் பண்ணோடு பாடமாக்கியவருக்குச் சீர்தான் நாக்கில் வரும். ஆகவே நீங்கள் தெரிவு செய்யாதீர்கள்; இரண்டையும் காட்டி அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே நாக்கு தடுக்கவில்லையோ அந்த ஆப்.

எழுத்தின் அளவை ஆப்புக்குள்ளேயே கூட்ட முடிகிறதா என்றும் பாருங்கள். போனின் பொது எழுத்தளவைக் கூட்டினால் சில ஆப்கள் கேட்பதில்லை. சிலவற்றில் வரி உடைந்து அடுத்த வரியில் விழுந்து பாட்டின் நடையே கெடும். போனைப் படுக்கைவாட்டில் திருப்பினால் வரி முழுதாக நிற்கும்.

கொடுத்துவிட்டு வரும் முன்

அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். முதல் நாள் பொத்தான் வேலை செய்யவில்லை என்றார். பார்த்தால், செம்பருத்தி பறித்துக் கழுவிய ஈரக் கை. திரையில் நீர்த்துளி இருந்தால் தொடுகை சரியாகப் பதியாது. பாட்டைப் போட்டுவிட்டுப் பூ எடுக்கப் போங்கள் என்று வரிசையை மாற்றினோம், சரியாகிவிட்டது.

இன்னொன்று. ப்ளே ஸ்டோரில் VLC-யின் பக்கத்துக்குப் போய், மூன்று புள்ளிக்குள் "Enable auto update" என்பதன் குறியை எடுத்துவிட்டேன். ஆப் தானாகப் புதுப்பித்துக்கொண்டு பொத்தான் இடம் மாறினால் அம்மா தன் மேல் பிழை என்று நினைத்துப் போனைத் தொடவே மாட்டார். புதுப்பிக்காமல் விடுவதும் நல்லதல்ல. அதனால் வீட்டுக்குப் போகும்போது நானே புதுப்பித்து, அன்று மாலையே அவரை ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

"Music" போல்டரின் நகல் ஒன்று தம்பியின் மடிக்கணினியில் இருக்கிறது. போன் மாற்றினால் அதைக் கொட்டி, பட்டியலையும் விட்ஜெட்டையும் மறுபடி வைக்க அரை மணித்தியாலம் போதும். போன முறை போனபோது அம்மா ஒன்று மட்டும் மாற்றச் சொன்னார்: மாலைப் பட்டியலில் பத்திரகாளி அம்மன் பாட்டு முதலில் வர வேண்டுமாம். கோப்பின் 07-ஐ 01 ஆக்கி, மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளி, பட்டியலை அழித்துப் புதிதாகச் சேர்த்தேன். பெயரை மாற்றினால் பழைய பட்டியல் கோப்பைத் தொலைத்துவிடும்; அதனால் அழித்துச் சேர்ப்பதே நல்லது.