கையெழுத்து மட்டும் தனித்தாளில் போனது

தெருவிளக்கு எரியாதது பற்றி நகராட்சி ஆணையருக்கு வேர்டில் ஒரு மனு தட்டினேன். என் கணினியில் ஒரே பக்கம், அழகாகத்தான் இருந்தது. வெளியே அச்செடுத்தால் பெறுநர் முகவரி படிக்கட்டு மாதிரி சரிந்திருந்தது. ‘இப்படிக்கு’ முதல் தாளின் அடியில் நிற்க, என் பெயர் மட்டும் இரண்டாம் தாளில். கையெழுத்து மட்டும் உள்ள தாள் பிரிந்து போனால் அது எந்த மனுவுக்கு உரியது என்று யாருக்குத் தெரியும்?

அச்செடுத்த இடத்துக் கணினியில் என் எழுத்துரு இல்லை. வேறொன்று வந்ததும் அகலம் மாறிவிட்டது. நான் ஸ்பேஸ் தட்டித் தட்டி நகர்த்தியிருந்ததெல்லாம் கலைந்தது.

முதலில் அந்த ஸ்பேஸ்களை அழித்தேன். முகவரி முழுவதையும் ஒரே பத்தியாக்கி, வரிகளை Shift+Enter கொண்டு முறித்து, இடது ஓரத்தை ரூலரில் ஒரே தடவை நகர்த்தினேன். ‘பொருள்:’ வரி நீளமானது. ‘பொருள்:’ என்பதற்குப் பின் ஒரு Tab, அப்புறம் வரிகள் நேராகும் வரை Ctrl+T. இரண்டாவது வரி ‘பொருள்:’ என்ற சொல்லுக்குக் கீழே ஓடாமல், விஷயம் தொடங்கும் இடத்துக்கு நேராக வந்து நின்றது.

கையெழுத்துக்காக நாலு Enter தட்டியிருந்தேன். அதுதான் பெரிய தப்பு. அவற்றை நீக்கி, பெயர் வரியின் Spacing Before அளவை 42 pt ஆக்கினேன். ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர், பேனா ஓட அது போதும். கடைசிப் பத்திக்கும் ‘இப்படிக்கு’ வரிக்கும் Keep with next போட்டேன். இனி தாள் மாறினாலும் பத்தியின் கடைசி வரிகளாவது பெயரோடு சேர்ந்தே போகும்.

எழுத்துரு மறுபடி மாறிவிடாமலிருக்க, இம்முறை அச்சுக்குக் கொண்டுபோனது பிடிஎஃப்.