முடிந்த தீர்மானம் மறுபடி கிளம்பாமல் இருக்க: குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு தீர்மானப் பதிவேடு

எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தில் லாரித் தண்ணீர் செலவைப் பிரிப்பது பற்றிய சண்டை ஒவ்வொரு கோடையிலும் புதிதாகத் தொடங்கும். மினிட்ஸ் புத்தகத்தில் விடை இருக்கும். ஆனால் அது தேதி வரிசையில் இருப்பதால் யாரும் புரட்டுவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் தேடுவது அதைவிட மோசம். மினிட்ஸ் புத்தகத்தை அப்படியே தொடருங்கள். அதோடு கூகுள் ஷீட்ஸில் ‘பதிவு’ என்றொரு தாளைத் திறந்து, A முதல் H வரை இந்தத் தலைப்புகளைப் போடுங்கள்: எண், தேதி, பொருள், தீர்மானம், காரணம், எப்போது மீண்டும் எடுக்கலாம், நிலை, மாற்றிய எண்.

ஒரு தீர்மானத்துக்கு ஒரு வரி. செயற்குழு எடுத்ததா, பொதுக்குழு எடுத்ததா என்பதைத் தேதியோடு சேர்த்து எழுதுங்கள். பொதுக்குழு முடிவைச் செயற்குழு மாற்றக் கிளம்பினால் அங்கேயே தெரிந்துவிடும்.

எல்லோரும் அவசரமாகத் தாண்டிப்போவது ஐந்தாவது, ஆறாவது கட்டங்களைத்தான். ‘செலவு எல்லா வீடுகளுக்கும் சமமாகப் பிரிக்கப்படும்’ என்று மட்டும் எழுதினால், அடுத்த ஆண்டு குடிவந்தவர் “சதுர அடிக் கணக்கில் ஏன் பிரிக்கக்கூடாது?” என்று கேட்பார், பேச்சு முதலிலிருந்து ஆரம்பமாகும். எங்கள் வரி இப்படி இருக்கிறது:

காரணம்: சதுர அடிக் கணக்கு பேசப்பட்டு நிராகரிக்கப்பட்டது, வீட்டின் அளவு தண்ணீர்ப் பயன்பாட்டைக் காட்டாது. வீட்டுக்கு வீடு மீட்டரும் இல்லை.
எப்போது மீண்டும் எடுக்கலாம்: மீட்டர் பொருத்திய பிறகு.

இப்போது செயலாளர் கேட்க வேண்டியது “மீட்டர் வந்துவிட்டதா?” என்ற ஒரு கேள்விதான். வந்துவிட்டால் விவாதம் நியாயமானது, தாராளமாகப் பேசலாம்.

முடிவு மாறினால் பழைய வரியை அழிக்காதீர்கள், திருத்தவும் வேண்டாம். புதிய எண்ணில் புதிய வரி எழுதுங்கள். பழைய வரியின் நிலையை ‘நடப்பில்’ என்பதிலிருந்து ‘மாற்றப்பட்டது’ ஆக்கி, H கட்டத்தில் புதிய எண்ணைக் குறியுங்கள். அழித்துவிட்டால், அந்தக் காலத்தில் சமமாகக் கட்டியவர் கணக்குக் கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

நடப்பில் உள்ளவற்றை மட்டும் பார்க்க, இன்னொரு தாளில் இதை இடுங்கள்:

```
=FILTER('பதிவு'!A2:H, 'பதிவு'!G2:G="நடப்பில்")
```

நிலையைக் கையால் தட்டச்சு செய்யாமல் தேர்வுப் பட்டியலாக வையுங்கள். ஓர் இடைவெளி கூடினாலும் அந்த வரி இங்கே வராது.

கூட்ட நிரலை அனுப்பும் முன் ஒவ்வொரு பொருளையும் பதிவில் தேடி, பழைய எண் இருந்தால் நிரலிலேயே பக்கத்தில் போட்டுவிடுங்கள். கூட்டம் தொடங்கிய பிறகு தேடினால் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

பின்சேர்க்கை: 7/2024 என்று எண் போட்டதும் அது தேதியாக மாறிவிடுகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். 13/2024 முதல் சிக்கல் இல்லையாம். பதின்மூன்றாவது மாதம் கிடையாதே! நான் ‘தீ-7/2024’ என்று எழுதுவதால் இது என் கண்ணில் படவில்லை. முன்னால் ஓர் எழுத்தைச் சேருங்கள், அல்லது எண்களை உள்ளிடும் முன்பே A நெடுவரிசை முழுவதையும் Plain text ஆக்கிவிடுங்கள்.