அம்மோனியா கசிந்தால் எந்தப் பக்கம் போவது?

பல ஐஸ் ஆலைகளில் கூடுமிடம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் கேட் அருகே. காற்று அந்தப் பக்கம் அடித்தால் எல்லோரும் வாயுவுக்குள்ளேயே போய் நிற்பார்கள். எதிரெதிர் திசைகளில் இரண்டு இடம் குறித்து வையுங்கள். சைரன் ஒலித்ததும் ஷிப்ட் பொறுப்பாளர் காற்றின் திசை காட்டும் காற்றுப்பையைப் பார்த்து, எந்த இடம் என்று மைக்கில் சொல்லட்டும். ஆள் எண்ணுவது செக்யூரிட்டி வேலை. கேட் பதிவேடு கையில் இருக்கட்டும், விடுபடுவது பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான். வால்வை மூட, மூச்சுக்கருவி அணிந்த இருவர் மட்டுமே போகலாம்.

2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். பக்கத்து ஊருக்கு முன்கூட்டியே பழக்க வேண்டியது இது: காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகுங்கள், ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். அம்மோனியா தண்ணீரில் எளிதில் கரையும்.