ஆறு வெள்ளைக்கருவா, இரண்டு முழு முட்டையா? காலை முட்டைக் கணக்கைப் போடும் முறை

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே யாராவது சொல்லிவிடுவார்கள்: "மஞ்சளைத் தூக்கிப் போட்டுட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடுங்க ப்ரோ." அதைக் கேட்டு தினமும் ஆறு முட்டையை அவித்து, ஆறு மஞ்சள்கருவையும் குப்பைக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. அது சிலருக்குச் சரிதான், பலருக்குத் தேவையே இல்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிய, ஒரு சமையல் தராசும் பத்து நிமிடமும் போதும்.

படி 1: முட்டையை எடை போடுங்கள்

ஊட்டச்சத்து அட்டவணைகளில் வரும் "ஒரு பெரிய முட்டை" என்பது ஓடு நீக்கி 50 கிராம். அதில் வெள்ளை சுமார் 33 கிராம், மஞ்சள் 17 கிராம். நம் கடைகளில் கிடைக்கும் முட்டை பெரும்பாலும் இதைவிடச் சற்றுச் சிறியது. ஓட்டோடு 51 கிராம் இருந்தால் உள்ளே 45 கிராம்தான் தேறும். அப்படியானால் கீழே வரும் எல்லா எண்ணிலும் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் "ஆறு முட்டை, அதனால் இவ்வளவு புரதம்" என்று எழுதி வைப்பதுதான் ஆரம்பத்திலேயே கணக்கு இடறும் இடம்.

படி 2: எதில் என்ன இருக்கிறது

வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதி கிட்டத்தட்ட முழுக்கப் புரதம்: ஒரு வெள்ளையில் 3.6 கிராம் புரதம், 17 கலோரி, கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். வைட்டமின் பி2 ஓரளவு உண்டு.

மஞ்சள்கருவில் 55 கலோரி, 4.5 கிராம் கொழுப்பு (அதில் நிறைவுற்ற கொழுப்பு 1.6 கிராம்), கொலஸ்ட்ரால் சுமார் 185 மில்லிகிராம். கூடவே பலர் மறந்துவிடும் 2.7 கிராம் புரதமும். முட்டையின் மொத்தப் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு மஞ்சளில்தான் இருக்கிறது. வைட்டமின் ஏ, டி, பி12, இரும்பு, கோலின், கண்ணுக்கு வேண்டிய லூட்டின் எல்லாம் ஏறக்குறைய மொத்தமாக மஞ்சளோடு போய்விடும். கரு அடர் ஆரஞ்சாக இருந்தால் சத்து அதிகம் என்று நினைக்க வேண்டாம். அந்த நிறம் கோழி தின்ற தீவனத்தில் இருக்கும் நிறமிகளால் வருவது.

படி 3: உங்கள் தட்டுக்குக் கணக்கு போடுங்கள்

எடை குறைக்க விரும்பும், வாரம் நான்கு நாள் எடை தூக்கும், 70 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் நாளுக்கு 112 கிராம் புரதம். நான்கு வேளையாகப் பிரித்தால் காலைக்கு 28 கிராம்.

ஆறு வெள்ளைக்கரு மட்டும் சாப்பிட்டால் 21.6 கிராம் புரதம், 102 கலோரி. நான்கு முழு முட்டை என்றால் 25 கிராம் புரதம், 288 கலோரி, 18 கிராம் கொழுப்பு. இரண்டு முழு முட்டையோடு மூன்று வெள்ளை சேர்த்தால் 23.4 கிராம் புரதம், 195 கலோரி, 9 கிராம் கொழுப்பு. இத்துடன் 150 மில்லி பால் குடித்தால் 28 கிராம் வந்துவிடும்.

முதல் வழியில் பணக் கணக்கையும் பாருங்கள். ஆறு முட்டைக்குக் காசு கொடுத்து, மூன்றரை முட்டையின் புரதத்தைத்தான் சாப்பிடுகிறீர்கள்.

முதல் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் உள்ள வித்தியாசம் 93 கலோரி. இரண்டு டீஸ்பூனுக்குச் சற்றுக் கூடுதலான எண்ணெய் அவ்வளவு கலோரி தரும். அடுப்பருகே போய்ப் பாருங்கள்: மஞ்சளை ஒதுக்கிவிட்டு, வெள்ளை ஆம்லெட் ஒட்டாமல் வர ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊற்றினால் 120 கலோரி. இரண்டு மஞ்சள்கருவில் மிச்சப்படுத்தியதைவிட அதிகமாகவே உள்ளே போயிருக்கும். எடை குறையாதவர்கள் முதலில் அளக்க வேண்டியது எண்ணெய்க் கரண்டியைத்தான்.

படி 4: தசைக்கு எது நல்லது என்று பாருங்கள்

2017இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பத்து இளைஞர்களிடம் இதைச் சோதித்தார்கள். எடைப் பயிற்சிக்குப் பிறகு ஒரு முறை முழு முட்டை, இன்னொரு முறை வெள்ளைக்கரு மட்டும். இரண்டிலும் புரதம் ஒரே அளவு, 18 கிராம். தசைப் புரதம் உருவாகும் வேகம் முழு முட்டை சாப்பிட்டபோது கூடுதலாக இருந்தது. ஆனால் அது பயிற்சிக்குப் பிந்தைய சில மணி நேர அளவீடு. பங்கேற்றவர்களும் குறைவு. முழு முட்டை சாப்பிட்டால் மூன்று மாதத்தில் கை பருத்துவிடும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. மஞ்சள் தசைக்குத் தடை என்பதும் நிற்காது. அவ்வளவுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

படி 5: எத்தனை மஞ்சள் என்று முடிவு செய்யுங்கள்

உணவில் வரும் கொலஸ்ட்ரால் எல்லோருடைய ரத்தத்திலும் ஒரே மாதிரி ஏறாது. கூடுதலாக வந்தால் பலருக்குக் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும், சிலருக்கு எல்டிஎல் என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் நன்றாகவே ஏறும். ஆரோக்கியமானவர் தினம் ஒரு முழு முட்டை சாப்பிடுவதில் பெரிய விவாதம் இல்லை. இரண்டு, மூன்று என்று போகிறவர்கள் தொடங்கும் முன் வெறும் வயிற்றில் லிப்பிட் ப்ரொஃபைல் எடுத்துவிட்டு, மற்ற உணவை மாற்றாமல், இரண்டு மாதம் கழித்து மீண்டும் எடுங்கள். எல்டிஎல் ஏறியிருந்தால் மஞ்சளைக் குறைத்துப் பாருங்கள். நடுவில் பரோட்டாவும் பிரியாணியும் கூடியிருந்தால் அந்தச் சோதனையால் பயனில்லை.

சர்க்கரை நோய், இதய நோய், பரம்பரையாக வரும் அதிகக் கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் இந்தக் கணக்கை மருத்துவரிடம் போட வேண்டும். சிறுநீரக நோயாளிகளின் நிலை வேறு: மஞ்சளில் பாஸ்பரஸ் அதிகம், வெள்ளையில் மிகக் குறைவு. மஞ்சளை ஒதுக்குவதற்கு உறுதியான காரணம் இருப்பவர்களில் அவர்களும் அடக்கம். அவர்களுக்குப் புரத அளவையே மருத்துவர்தான் சொல்வார்.

படி 6: பிரித்தல், அவித்தல்

பச்சையாகப் பிரிக்கும்போது முட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருக்கட்டும். மஞ்சளைச் சுற்றியிருக்கும் சவ்வு பழைய முட்டையில் தளர்ந்திருக்கும், தொட்டதும் உடையும். ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் உடைத்துப் பிரித்து, பிறகு பெரிய பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ஒன்று கெட்டிருந்தால் அதோடு போகும், ஆறும் வீணாகாது.

அவிப்பதற்கு, கொதிக்கும் நீரில் 10 நிமிடம் வைத்து, உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள். மஞ்சளைச் சுற்றிச் சாம்பல்-பச்சை வளையம் தெரிந்தால் நேரம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். வெள்ளையின் கந்தகமும் மஞ்சளின் இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. சாப்பிடலாம், கெடுதல் இல்லை.

பச்சை வெள்ளைக்கருவை மிக்ஸியில் அடித்துக் குடிக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். பச்சை முட்டையின் புரதத்தில் பாதியளவுதான் ஜீரணமாகிறது, வேகவைத்தால் பத்தில் ஒன்பது பங்கு. பச்சை வெள்ளையில் உள்ள அவிடின், பயோட்டின் என்ற வைட்டமினை உடல் எடுத்துக்கொள்ள விடாது. சால்மொனெல்லா கிருமிக்கான வாய்ப்பு வேறு.

மிஞ்சிய மஞ்சளைக் கொட்டாதீர்கள். உடையாமல் ஒரு சிறு டப்பாவில் போட்டு, மேலே மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். வீட்டில் மற்றவர்களுக்குப் பொடிமாஸ் போடும்போது இரண்டு முழு முட்டையோடு ஒரு மஞ்சளைச் சேர்த்தால் வறண்டு போகாமல் வரும்.